1.07 லட்சம் ரூபாய் பில்லில் 1.86 லட்சம் மிச்சமா? அபார்ட்மென்ட் மொட்டைமாடி சோலார்: முழுக் கணக்கு

தனி வீட்டு சோலார் பற்றிப் போட்ட வீடியோவுக்குப் பிறகு நிறைய பேர் கேட்ட ஒரே கேள்வி: "நாங்க ஃப்ளாட்ல இருக்கோம், எங்களுக்கு இது ஒத்து வருமா?" இதற்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட, நான் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டிலேயே நடந்த கதையைக் கணக்கோடு சொல்லிடறேன். தாம்பரம் பக்கம், ஸ்டில்ட் பிளஸ் நாலு மாடி, 24 வீடு, ஒரே ஒரு லிஃப்ட். சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். சிஏ என்றால் எல்லா சங்கத்திலும் இந்தப் பதவி தலையில் விழும், தெரியும்தானே!

சில மாதங்களுக்கு முன் ஒரு சோலார் கம்பெனிக்காரர் பொதுக்குழுவுக்கு வந்து ஸ்லைடு போட்டுக் காட்டினார். 15 கிலோவாட் போட்டால் வருடத்துக்கு 1,86,000 ரூபாய் மிச்சம், ஐந்தே வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். கை தூக்கித் தீர்மானம் போடப் போகும் நேரத்தில், தரைக்கு மேல் முதல் மாடியில் இருக்கும் 74 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுந்தார்.

"தம்பி, நம்ம காமன் ஈபி பில் வருஷத்துக்கு எவ்வளவு?"

கையில் இருந்த கணக்கைப் பார்த்துச் சொன்னேன்: யூனிட் கட்டணம் மட்டும் 1,07,000 ரூபாய்.

"அப்போ 1,07,000 ரூபாய் பில்லுல 1,86,000 எப்படிப்பா மிச்சம் ஆகும்?"

ஹாலில் சத்தமே இல்லை. பொருளாளரான நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. தீர்மானத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு மாதம் எடுத்துக்கொண்டு நானே ஒரு திட்டம் தயார் பண்ணினேன். அதுதான் இந்தப் பதிவு.

முதல் கேள்வி: எந்த மீட்டரில் இணைக்கப் போறோம்?

அபார்ட்மென்ட் சோலாரில் பேனல் விலையைவிட முக்கியமான விஷயம் இது. மூன்று வழிகள் இருக்கு.

முதல் வழி, காமன் சர்வீஸ் மீட்டர். லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு, கேமரா, கேட் எல்லாம் ஓடும் அந்த ஒரே மீட்டரில் சோலாரை இணைப்பது. மிச்சம் சங்கத்தின் கணக்கில் நிற்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு வீட்டுக்காரரும் மாடியில் தனக்கென்று பேனல் வைத்து, தன் வீட்டு மீட்டரில் இணைத்துக்கொள்வது. மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3 கிலோவாட் வரை அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் இருப்பதால் இது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். 3 கிலோவாட் என்றால் 300 சதுர அடி. 24 வீட்டுக்கு 7,200. எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, நிழல் விழும் ஓரம் எல்லாம் கழித்தால் 4,000 சதுர அடிதான் மிஞ்சும். முதலில் ஓடி வரும் 13 பேருக்குக் கிடைக்கும், மீதி 11 பேருக்கு இல்லை. மொட்டைமாடி எல்லோருக்கும் பொதுச் சொத்து. இந்த வழி சண்டையில்தான் முடியும்.

மூன்றாவது, மாடியில் ஒரே பிளான்ட் போட்டு, அதில் வரும் யூனிட்டை 24 வீட்டு பில்லுக்கும் விகிதப்படி பிரித்துக் கழிப்பது. இதற்கு விர்ச்சுவல் நெட் மீட்டரிங் என்று பெயர். டெல்லியில் 2019லேயே ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு விதிமுறை வெளியிட்டது. உங்கள் மாநிலத்தில், உங்கள் மின்வாரியத்தில் இது நடைமுறையில் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டிய வழி. "சீக்கிரம் வந்துடும் சார்" என்று விற்பனையாளர் சொல்வதை நம்பி இன்றைக்குப் பணம் கட்டாதீங்க.

நாங்கள் முதல் வழியை எடுத்தோம். இடம் போதவில்லை என்பது மட்டும் காரணம் இல்லை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த சில படிகளும் குறைந்த விலை. 250 யூனிட் ஓட்டும் வீட்டில் சோலார் மிச்சப்படுத்துவது மலிவான யூனிட்டைத்தான். ஆனால் லிஃப்ட் உள்ள அடுக்குமாடிகளின் பொது இணைப்புக்கு 2022 செப்டம்பரில் தனிக் கட்டணம் வந்தது. முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய், பிறகு அதுவும் ஏறியது. ஆக நம்ம கட்டடத்திலேயே விலை அதிகமான கரன்ட் ஓடுவது பெரும்பாலும் காமன் மீட்டரில்தான். சோலார் அங்கே போனால்தான் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நல்ல மதிப்பு. கணக்குக்கு நான் யூனிட் 8.50 ரூபாய் என்று எடுத்துக்கிறேன். நீங்கள் உங்கள் பில்லில் இருப்பதைப் போட்டுக்கோங்க.

எத்தனை கிலோவாட்?

கடைசி ஆறு பில்லை எடுத்தேன். சராசரியாக இரண்டு மாதத்துக்கு 2,100 யூனிட், வருடத்துக்கு 12,600. யூனிட் 8.50 வீதம் 1,07,100 ரூபாய். இதுதான் உச்சவரம்பு. எந்த சோலாரும் இதற்கு மேல் மிச்சப்படுத்த முடியாது. பில்லில் இருக்கும் நிலையான கட்டணம் சோலார் போட்டாலும் குறையாது, அதனால் அதை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

சென்னையில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். கம்பெனிக்காரர் 15 கிலோவாட், 4 யூனிட், 365 நாள் என்று பெருக்கி 21,900 யூனிட் ஆக்கி, அதை 8.50 ஆல் பெருக்கிவிட்டார். பெருக்கல் சரி. ஆனால் நாம் ஓட்டுவதே 12,600 யூனிட். மீதி 9,300 யூனிட்டை மின்வாரியம் 8.50க்கு வாங்கிக்கொள்ளாது. இன்னொன்று, தமிழ்நாட்டில் சோலார் அளவு அனுமதிக்கப்பட்ட மின்பளுவைத் தாண்டக் கூடாது. எங்கள் காமன் இணைப்பின் மின்பளு 12 கிலோவாட். 15 போடணும் என்றால் மின்பளுவை உயர்த்தணும், அதோடு நிலையான கட்டணமும் உயரும். இதெல்லாம் அந்த ஸ்லைடில் இல்லை.

நான் 8 கிலோவாட் என்று முடிவு பண்ணினேன். நாளுக்கு 32 யூனிட். வடகிழக்குப் பருவமழை, பழுது என்று 15 நாளைக் கழித்து 350 நாள் எடுத்தால் வருடத்துக்கு 11,200 யூனிட். நம் தேவைக்குச் சற்றுக் கீழே. வேண்டுமென்றே அப்படி வைத்தேன், ஏன் என்று அடுத்த பகுதியில் புரியும்.

பகலில் எவ்வளவு, இரவில் எவ்வளவு?

சோலார் பகலில் விளையும். நம் கரன்ட் எப்போது செலவாகுது? இதை யாருமே அளந்து பார்ப்பதில்லை. நான் வாட்ச்மேனிடம் ஒரு நோட்டுக் கொடுத்து, ஒரு வாரம் காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் காமன் மீட்டர் ரீடிங்கை எழுதச் சொன்னேன். அவ்வளவுதான் வேலை, செலவு பத்து ரூபாய் நோட்டு.

நாளுக்குச் சுமார் 35 யூனிட்டில் பகலில் ஓடியது 10 மட்டும். மீதி 25 யூனிட் மாலை முதல் காலை வரை. காரணம் மோட்டார். போர் மோட்டாரும் சம்ப் மோட்டாரும் சேர்ந்து நாளுக்கு 16 யூனிட் இழுக்குது. அதில் 12 யூனிட் விடியற்காலை ஐந்து மணிக்கும் சாயங்காலம் ஆறரைக்கும். "அப்போதான் சார் டேங்க் காலியாகும், எப்பவும் அப்படித்தான் போடுறோம்" என்றார் வாட்ச்மேன்.

இந்த 10ம் 25ம் ஏன் முக்கியம்? நாம் ஓட்டாமல் மிஞ்சும் சோலார் யூனிட் மின்வாரியத்தின் கம்பிக்குப் போகும். அதற்கு என்ன மதிப்பு என்பதில் இரண்டு முறை இருக்கு.

நெட் மீட்டரிங்: பகலில் வெளியே அனுப்பிய யூனிட்டை, இரவில் வாங்கிய யூனிட்டில் யூனிட்டுக்கு யூனிட் கழிப்பார்கள். வெளியே போனாலும் நமக்கு 8.50 மதிப்புதான். நம் உபயோகத்தை மீறி வருட முடிவில் மிஞ்சினால் அதற்கு இந்த மதிப்பு கிடைக்காது. அதனால்தான் பிளான்ட்டைத் தேவைக்குச் சற்றுக் கீழே வைத்தேன்.

நெட் பில்லிங், அல்லது நெட் ஃபீட்-இன்: வாங்கும் யூனிட்டுக்கு முழு விலை, அனுப்பும் யூனிட்டுக்கு ஆணையம் நிர்ணயித்த குறைந்த விலை. கணக்குக்காக அதை 3 ரூபாய் என்று வைத்துக்கிறேன்.

உங்கள் காமன் இணைப்புக்கு இதில் எது என்பதை விற்பனையாளரிடம் கேட்காதீங்க. சர்வீஸ் நம்பரைக் குறிப்பிட்டு, ஈபி பிரிவு அலுவலகத்தில் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்க. நெட்வொர்க் கட்டணம் என்று யூனிட் அடிப்படையில் ஏதாவது வசூல் உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்க. பணம் கட்டும் முன் கையில் இருக்க வேண்டிய முதல் காகிதம் இதுதான்.

இதற்கிடையே, பைசா செலவில்லாமல் ஒரு மாற்றம் செய்தோம். மோட்டாருக்கு டைமர் ஏற்கெனவே இருந்தது. போர் மோட்டார் பதினொரு மணிக்கு, அது நின்ற பிறகு சம்ப் மோட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் லிஃப்ட்டும் சேரும்போது பேனல் தருவது போதாமல் போகலாம், அதனால் ஒன்றன் பின் ஒன்றாக. விடியற்காலைக்கு ஒரு சின்ன ஓட்டம் மட்டும். இப்போது பகல் உபயோகம் 10லிருந்து 19 யூனிட் ஆகிவிட்டது. இரவு 16.

செலவு எவ்வளவு?

மூன்று பேரிடம் விலை வாங்கினோம். தேர்வு செய்த விலை கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய். 540 வாட் பேனல் 15, இன்வெர்ட்டர், எர்த்திங், இடிதாங்கி, எட்டு அடி உயர ஸ்டாண்ட் எல்லாம் அடக்கம். உயர ஸ்டாண்ட் வேண்டாம் என்றால் விலை குறையும். ஆனால் மாடியில் துணி காயப்போடவும் வடாம் பிழியவும் இடம் போய்விடும் என்று பெண்கள் சொன்னார்கள், நியாயம்தான்.

8 கிலோவாட்டுக்கு 4,80,000. இதன் மேல் ஜிஎஸ்டி. இங்கே ஒரு விஷயம் கவனிங்க. சோலார் வேலையை மொத்தமாக ஒப்பந்தம் கொடுத்தால், மதிப்பில் 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவை என்று பிரித்து வரி போடுவார்கள். பொருளுக்கு முன்பு 12 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். சேவைக்கு 18. ஆக மொத்தம் 13.8 ஆக இருந்தது இப்போது 8.9 சதவீதம். எங்களுக்கு வந்த ஒரு கொட்டேஷனில் இன்னும் 13.8 போட்டிருந்தார்கள். வித்தியாசம் 23,500 ரூபாய்! கேட்டதும் "பழைய ஃபார்மட் சார்" என்று திருத்திக் கொடுத்தார்கள்.

8.9 சதவீதப்படி வரி 42,720. மீட்டர், விண்ணப்பம், ஆய்வுக் கட்டணம் எல்லாவற்றுக்கும் 20,000 ஒதுக்கினேன். மொத்தம் சுமார் 5,43,000.

மானியம்: பிஎம் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொது உபயோகத்துக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். வீட்டுக்கான 78,000 கணக்கை இதோடு குழப்பிக்காதீங்க, இது வேறு. 8 கிலோவாட்டுக்கு 1,44,000. இந்திய செல்லில் இந்தியாவில் தயாரான பேனலாக இருந்தால்தான் கிடைக்கும். மலிவாகக் கொட்டேஷன் வந்தால் முதலில் இதைப் பாருங்க. மானியம் பிளான்ட் இயங்க ஆரம்பித்த பிறகுதான் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வரும். ஆக முதலில் கையிலிருந்து போகப் போவது முழு 5,43,000. கடைசியில் நிகரச் செலவு 3,99,000, அதாவது நாலு லட்சம்.

மிச்சம் எவ்வளவு? மூன்று கணக்கு

நாளுக்கு 32 யூனிட் விளைச்சல், வருடத்துக்கு 350 நாள்.

1. நெட் மீட்டரிங் கிடைத்தால்: 32 யூனிட்டுக்கும் 8.50 மதிப்பு. வருடத்துக்கு 95,200 ரூபாய்.

2. நெட் பில்லிங், மோட்டாரைப் பகலுக்கு மாற்றிய பிறகு: 19 யூனிட் 8.50 வீதம், 13 யூனிட் 3 வீதம். நாளுக்கு 200.50. வருடத்துக்குச் சுமார் 70,200.

3. நெட் பில்லிங், மோட்டார் பழைய நேரத்திலேயே: 10 யூனிட் 8.50 வீதம், 22 யூனிட் 3 வீதம். நாளுக்கு 151. வருடத்துக்குச் சுமார் 52,900.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் வருடத்துக்கு 17,000 ரூபாய்க்கு மேல். அதே பேனல், அதே மீட்டர். மாறியது மோட்டார் ஓடும் நேரம் மட்டும்.

செலவையும் கழிக்கணும். பேனல் துடைக்க மாதம் 500, காப்பீடு வருடத்துக்கு 2,000. பேனல் இருபது வருடத்துக்கு மேல் நிற்கும், இன்வெர்ட்டர் நிற்காது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டி வரும். அதற்கு வருடம் 7,000 ஒதுக்குகிறேன். ஆக மொத்தம் 15,000. இது எந்த விற்பனையாளர் கணக்கிலும் இருக்காது.

நிகரமாக: முதல் கணக்கில் 80,000, பணம் திரும்ப ஐந்து வருடம். இரண்டாவதில் 55,000, ஏழேகால் வருடம். மூன்றாவதில் 38,000, பத்தரை வருடம். பேனல் வயதாக ஆக விளைச்சல் கொஞ்சம் குறைவதை மின்கட்டண ஏற்றம் ஈடுகட்டும் என்று வைத்து இருபது வருடத்துக்குப் பார்த்தால், வருடாந்திர வருமானம் முறையே சுமார் 19, 12, 7 சதவீதம்.

பொதுக்குழுவில் நான் நடுக் கணக்கைத்தான் முன்வைத்தேன். முதல் கணக்கு கிடைத்தால் லாபம், ஆனால் அதை நம்பி யாரும் கை தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பணம் எங்கிருந்து?

எங்கள் கார்பஸ் ஃபண்ட் ஒன்பது லட்சம், வங்கியில் எஃப்டியாக இருக்கு. "எஃப்டியில் பத்திரமா இருக்கிற பணத்தை ஏன் எடுக்கணும்?" என்று ஒரு மேடம் கேட்டாங்க. நல்ல கேள்வி. நாலு லட்சத்துக்கு 7 சதவீத வட்டி 28,000. சங்கம் உறுப்பினர்களிடம் வாங்கும் மெயின்டனன்ஸுக்கு வருமான வரி வராது, ஏனென்றால் நம் பணத்தை நாமே சேர்த்து நமக்கே செலவு பண்றோம். ஆனால் வங்கி வட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. 2013ல் பெங்களூரு கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கள் சங்கம் 30 சதவீத அளவில் வரி கட்டுகிறது. செஸ் சேர்த்துக் கழித்தால் கையில் நிற்பது சுமார் 19,000. ஆனால் ஈபி பில்லில் குறையும் பணம் வருமானம் இல்லை, செலவு குறைவு. அதற்கு வரி இல்லை. ஆக 55,000ஐ ஒப்பிட வேண்டியது 19,000 உடன். ஒரு வேறுபாடு, எஃப்டியில் அசல் அப்படியே நிற்கும், இங்கே அசல் அந்த 55,000 உள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருது. அதையும் கணக்கில் எடுத்துத்தான் மேலே 12 சதவீதம் என்று சொன்னேன்.

அடுத்து ஒரு நுணுக்கமான பிரச்சினை. எங்கள் கார்பஸ் சதுர அடிக் கணக்கில் வசூலானது. மெயின்டனன்ஸ் மட்டும் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. 1,350 சதுர அடி வீடு 12, 900 சதுர அடி வீடு 12. நாலு லட்சத்தில் பெரிய வீட்டின் பங்கு 20,000, சின்ன வீட்டின் பங்கு சுமார் 13,300. மிச்சத்தை மெயின்டனன்ஸில் குறைத்தால் இருவருக்கும் ஒரே லாபம். பெரிய வீட்டுக்காரர் "நான் மட்டும் ஏன் அதிகம் போடணும்" என்று கேட்பார், கேட்கணும்.

இதற்கு நான் கண்ட வழி: மெயின்டனன்ஸை ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது. மிச்சமாகும் பணம் வருடா வருடம் கார்பஸுக்குத் திரும்பணும், எடுத்த நாலு லட்சம் நிரம்பும் வரை. நிரம்பிய பிறகு யாரும் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. அதன் பிறகு குறைக்கலாம்.

இதைச் சொன்னதும் ஆசிரியர் மறுபடி எழுந்தார். "அதாவது ஏழு வருஷம் எனக்கு ஒரு பைசா குறையாது. அப்போ எனக்கு 81. இதுல எனக்கு என்னப்பா?"

உண்மையைச் சொன்னேன். "சார், வீட்டுக்குப் பிரிச்சுப் பார்த்தா மிச்சம் மாசம் 200 ரூபாய்க்கு உள்ளேதான். ஏழு வருஷத்துக்கு அதுவும் கார்பஸுக்குப் போகும். நடுவுல வீட்டை வித்தா, வாங்கறவர் சோலாருக்காக அதிகம் தருவார்னும் நான் சொல்ல மாட்டேன். உங்க பாக்கெட்லேர்ந்து எதுவும் போகாது, மெயின்டனன்ஸ் கரன்ட் கட்டணத்தால ஏறாது. அவ்வளவுதான்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, எனக்குப் பணம் பிரச்சினை இல்லை. ஆனா வெள்ளை அடிக்க வெச்சிருந்த காசை எடுத்துடாதீங்க. மாடி ஒழுகுது."

இதுதான் முழுத் திட்டத்தையும் சரி பண்ணிய வார்த்தை. ஆறு லட்சத்துக்கு வைத்திருந்த பெயின்டிங் வேலையில் 1,20,000 மொட்டைமாடி நீர்க்கசிவுத் தடுப்புக்கானது. ஸ்டாண்ட் வைத்த பிறகு அதைச் செய்வது கஷ்டம். அதனால் வரிசையை மாற்றினோம். முதலில் மாடி, பிறகு சோலார், வெளிச்சுவர் பெயின்ட் இரண்டு வருடம் கழித்து. கணக்கு நிற்குதா? ஒன்பது லட்சத்தில் 1,20,000 போய், சோலார் நிகரச் செலவு 3,99,000 போய், மீதி 3,81,000. இரண்டு வருட மிச்சம் 1,10,000 சேர்த்தால் 4,91,000. பெயின்டுக்கு வேண்டியது 4,80,000. இழுத்துப் பிடித்தாலும் நிற்குது.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

காமன் சர்வீஸ் யார் பெயரில் இருக்கு? பில்லை எடுத்துப் பாருங்க. நிறைய கட்டடங்களில் இன்னும் பில்டர் பெயரில்தான் இருக்கும். விண்ணப்பம், வங்கிக் கணக்கு, மின் இணைப்பு மூன்றிலும் சங்கத்தின் பெயர் ஒரே மாதிரி இருந்தால்தான் மானியம் தடங்கல் இல்லாமல் வரும். எங்களுடையதும் பில்டர் பெயரில்தான் இருந்தது.

ஸ்டாண்டை எப்படி நிறுத்துகிறார்கள்? கூரையைத் துளைத்து போல்ட் அடிக்க விடாதீங்க. நீர்க்கசிவுத் தடுப்புக்கு மேல் கான்கிரீட் மேடை போட்டு அதில் நிறுத்தச் சொல்லுங்க. வேலைக்கு முன்னும் பின்னும் 48 மணி நேரம் மாடியில் தண்ணீர் தேக்கிப் பாருங்க, மேல் மாடி வீட்டுக்காரர் கையெழுத்தோடு. நாளைக்கு ஒழுகினால் யார் பொறுப்பு என்ற பேச்சே வராது.

ஈபி கரன்ட் போனால் சாதாரண ஆன்-கிரிட் சோலாரும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவர் மேல் ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. லிஃப்ட்டுக்கு ஜெனரேட்டர் தேவை அப்படியேதான் இருக்கும்.

கடைசியாக, ஒப்பந்தத்தில் "8 கிலோவாட் பொருத்தித் தருகிறோம்" என்று மட்டும் இருந்தால் போதாது. முதல் ஐந்து வருடம் வருடத்துக்கு இத்தனை யூனிட் குறைந்தபட்ச விளைச்சல், குறைந்தால் யூனிட்டுக்கு இவ்வளவு ஈடு என்று எழுதி வாங்குங்க. நாங்கள் 10,500 யூனிட் என்று போட்டோம். கடைசி 10 சதவீதப் பணத்தை, மீட்டர் மாற்றி முதல் பில் வந்த பிறகுதான் தருவோம் என்றும் சேர்த்தோம். பிறகு வாட்ச்மேன் நோட்டில் வாரம் ஒருமுறை இன்வெர்ட்டர் ரீடிங். மழை இல்லாத மாதத்தில் வாரத்துக்கு 200 யூனிட்டுக்குக் கீழே போனால் முதலில் தூசியைப் பாருங்க, அப்புறம் பக்கத்தில் புதுசாக எழும்பிய கட்டடத்தின் நிழலை.

நாங்கள் போட்ட தீர்மானம்

"சங்கத்தின் கார்பஸ் ஃபண்டிலிருந்து அதிகபட்சம் 5,43,000 ரூபாய் செலவில், காமன் சர்வீஸ் மீட்டருடன் இணைந்த 8 கிலோவாட் சோலார் அமைப்பது. நீர்க்கசிவுத் தடுப்பு வேலை முடிந்து, மின் இணைப்பு சங்கத்தின் பெயருக்கு மாறி, மீட்டரிங் முறை குறித்து மின்வாரியத்தின் எழுத்துப்பூர்வ பதில் வந்த பிறகே முன்பணம் தருவது. வரும் மானியமும் ஆண்டுதோறும் ஆகும் மிச்சமும் எடுத்த தொகை நிரம்பும் வரை கார்பஸிலேயே சேர்வது."

24 வீட்டில் 19 வீடு ஆதரவு. ஆசிரியரும் கை தூக்கினார். மாடி வேலை முடிந்துவிட்டது, பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் கொடுத்துக் காத்திருக்கோம். அது வரும் வரை pmsuryaghar.gov.in பக்கத்தில் விண்ணப்பிக்கப் போவதில்லை, கம்பெனிக்கு ஒரு ரூபாய் முன்பணமும் இல்லை. மோட்டார் மட்டும் இப்பவே பதினொரு மணிக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. முதலில் நாலு நாள் ஒரு வீட்டில் காலையில் தண்ணீர் குறைவாக வந்தது என்று சத்தம் வந்தது. விடியற்காலை ஓட்டத்தைப் பத்து நிமிஷம் கூட்டினோம், அடங்கிவிட்டது.

உங்கள் சங்கத்தில் இதைப் பேசப் போகிறீர்கள் என்றால், கொட்டேஷன் வாங்கும் முன் இரண்டு வேலை செய்யுங்க. கடைசி ஆறு காமன் பில்லைக் கூட்டி ஒரு எண் எழுதி வைங்க. வாட்ச்மேனிடம் ஒரு நோட்டைக் கொடுங்க. இந்த இரண்டும் கையில் இருந்தால், எந்த ஸ்லைடு வந்தாலும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.